பெட்டியின் மேல் எழுதிய வயது

பொம்மைக் கடையில் நிற்கும் பெற்றோர் முதலில் பார்ப்பது விலை. அடுத்தது, பெட்டியின் மூலையில் இருக்கும் '3+', '5+' என்ற எண். "எங்க பொண்ணு ரொம்பச் சுட்டி சார், ரெண்டு வயசுலயே ஏபிசிடி முழுசா சொல்லுவா. மூணு பிளஸ் எடுத்தா என்ன?" என்று ஒரு தகப்பனார் கேட்பார். கடைக்காரரும் "அதெல்லாம் நல்லா விளையாடும் சார்" என்று சொல்லிக்கொண்டே பில்லைப் போடுவார்.

அந்த எண் எல்லாப் பெட்டிகளிலும் ஒரே விஷயத்தைச் சொல்வதில்லை என்பது இருவருக்கும் தெரியாது. மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வேண்டாம் என்று ஒரு பொம்மையில் போட்டிருந்தால், அது பெரும்பாலும் உயிர் பற்றிய எச்சரிக்கை. பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரி என்பதற்கும் அதற்கும் தொடர்பே கிடையாது; கெட்டிக்காரப் பிள்ளைகளும் கையில் கிடைத்ததை வாயில்தான் போடுகின்றன. '5+', '7+' என்று மேலே போகப் போக அது தயாரிப்பாளரின் உத்தேசம்தான். நம் பிள்ளையைப் பார்த்து நாமே அதைத் திருத்திக்கொள்ளலாம். முதல் வகையில் ஒரு மாதம்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது. இரண்டாவது வகையில் ஒரு வயது முன்னே பின்னே போனால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

முதல் வகையை வீட்டிலேயே சோதித்துவிட முடியும். பொம்மைப் பரிசோதனைக் கூடங்களில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு உருளை வைத்திருக்கிறார்கள். சின்னக் குழந்தையின் தொண்டை அளவை மனத்தில் வைத்துச் செய்தது அது. பொம்மையோ, அதிலிருந்து கழன்று விழும் பாகமோ அந்த உருளைக்குள் முழுதாக அடங்கிவிட்டால் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அந்தப் பொம்மையைத் தரக்கூடாது. நாம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒரு தடித்த காகிதத்தை 11 சென்டிமீட்டர் நீளம், ஐந்தரை சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டி, ஒரு சென்டிமீட்டர் மேலே ஏறும்படி ஒட்டினால் சுற்றளவு 10 சென்டிமீட்டர் வரும். அதன் விட்டம் ஏறக்குறைய அந்த உருளையின் விட்டமேதான். பந்துகளுக்கு மட்டும் அளவு இன்னும் பெரியது, 44.5 மில்லிமீட்டர். உருண்டையான பொருள் தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டால் ஓரத்தில் காற்றுக்கு வழியே இருக்காது என்பதால் இந்தக் கூடுதல் கவனம். அதற்கு 14 சென்டிமீட்டர் சுற்றளவில் இன்னொரு வளையம் செய்து வைத்துக்கொள்ளலாம். அதற்குள் நுழைந்து வெளியே வரும் பந்து எதுவானாலும் மூத்த பிள்ளையின் அலமாரிக்குப் போகட்டும்.

இந்தக் காகிதக் குழாயோடு வீட்டைச் சுற்றி வந்தால் கண் திறக்கும். லூடோ காய் அடங்கும், பகடை அடங்கும், கோலிக்குண்டு, சோழி, புளியங்கொட்டை எல்லாம் அடங்கும். ஒரு ரூபாய் நாணயமும் அடங்கும். ஆறு வயது அண்ணனுக்கு வாங்கிய விளையாட்டு ஒன்றரை வயதுத் தங்கைக்கு ஆபத்தாவது இப்படித்தான். வயதைப் பார்த்து வாங்குவது என்றால் வீட்டில் இருக்கும் ஆகச் சிறிய பிள்ளையின் வயதையும் சேர்த்துப் பார்ப்பது.

பொத்தான் பேட்டரி வேறு ரகம். பாட்டுப் பாடும், விளக்கு எரியும் பொம்மைகளில் இருக்கும் அந்தத் தட்டையான வெள்ளி வட்டம் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையைப் புண்ணாக்கிவிடும். பேட்டரி மூடிக்குத் திருகாணி இல்லாத பொம்மை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், நேரே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

2021 ஜனவரி முதல் இந்தியாவில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரைக்குக் கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண் இருக்கும், பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைத் தட்டிப் பார்த்தால் உரிமம் உண்மையா என்று தெரிந்துவிடும். ஒரு விலக்கு உண்டு. பதிவுபெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கும், சன்னபட்டணா மரப்பொம்மை போல புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் இந்த முத்திரை தேவையில்லை. ஆகவே முத்திரை இல்லாத மரப்பொம்மை எல்லாம் போலி என்று நினைக்க வேண்டாம். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதைக் கடைக்காரரிடமே விட்டுவிடலாம்.

பாதுகாப்பு முடிந்தது. இனி, எந்தப் பொம்மை எதைக் கற்றுத் தருகிறது என்ற கேள்வி. மூன்று வயதுக்குள் பட்டியல் போட்டு வாங்க ஒன்றுமில்லை என்பது என் கட்சி. ஆனால் ஒரே ஒரு பொம்மையைக் கிட்டே உட்கார்ந்து பார்த்தால் போதும், பிள்ளையின் மூளை வளர்வது கண்ணுக்கே தெரியும். வட்டம், சதுரம், முக்கோணம் என்று துளைகள் உள்ள மூடியும், அதற்கேற்ற கட்டைகளும் கொண்ட பெட்டி அது. ஒன்றேகால், ஒன்றரை வயதில் பிள்ளை முக்கோணக் கட்டையை வட்டத் துளையில் வைத்து முழு பலத்தோடு அழுத்தும். நுழையாவிட்டால் வீசியெறியும். இரண்டு வயதை ஒட்டி அழுத்துவதை விட்டுவிட்டு ஒவ்வொரு துளையாக வைத்துப் பார்க்கும். இன்னும் சில மாதங்கள் போனால், கட்டையைக் கையில் எடுத்ததும் ஒரு கணம் நிற்கும், மூடியைப் பார்க்கும், மணிக்கட்டைத் திருப்பியபடியே கொண்டுபோய்ச் சரியாகப் போட்டுவிடும். அந்த ஒரு கணத்தில் அது கட்டையை மனத்துக்குள் திருப்பிப் பார்த்துவிட்டது.

ஆரம்பத்தில் வட்டத் துளையை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை டேப் போட்டு மூடிவிடுங்கள். வட்டத்தைத் திருப்ப வேண்டிய அவசியமில்லை, அதனால் முதல் வெற்றி சீக்கிரம் வரும். பிறகு சதுரம், கடைசியில் முக்கோணம். கண்ணை மூடிக்கொண்டு போடாத குறையாகப் பிள்ளை எல்லாவற்றையும் போட ஆரம்பித்துவிட்டால் அந்தப் பெட்டியின் வேலை முடிந்தது. நாலைந்து பெரிய துண்டுகள் கொண்ட படப்புதிருக்குப் போகலாம்.

இதே பெட்டி பேட்டரி போட்டும் வருகிறது. சரியாகப் போட்டால் "வெல்டன்!" என்று கத்தி, பாட்டும் பாடும். அதை நான் வாங்க மாட்டேன். அமெரிக்காவில் அன்னா சோசா என்ற ஆய்வாளர் 10 முதல் 16 மாதக் குழந்தைகளையும் பெற்றோரையும் வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்து ஒப்பிட்டார். 2016-இல் வெளியான அந்த ஆய்வில், பேசும் மின்னணுப் பொம்மையோடு விளையாடும்போது பெற்றோர் பேசுவது குறைந்தது, குழந்தை பதிலுக்குக் குரல் கொடுப்பதும் குறைந்தது. படப்புத்தகம் கையில் இருந்தபோதுதான் பேச்சு அதிகம். பொம்மை பேசினால் அம்மா பேசாமல் இருந்துவிடுகிறார், அவ்வளவுதான். ஒலிக்கும் பொம்மைதான் வேண்டுமென்றால் பனையோலைக் கிலுகிலுப்பை இருக்கிறது. பிள்ளை ஆட்டினால் ஒலிக்கும், நிறுத்தினால் அதுவும் நிற்கும்.

மூன்று வயதைத் தாண்டினால்தான் விதிகளோடு ஆடும் பலகை விளையாட்டு. இங்கே எண்களைக் கற்றுத் தரும் விளையாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கடைகளில் 'கல்வி விளையாட்டு' என்ற பெயரில் அதிகம் விற்பது இதுதான், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான்.

எந்தப் பலகை விளையாட்டுக்கும் இரண்டு கணக்கு உண்டு. ஆட உட்காரும் முன்பே பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று. ஆடி ஆடிக் கற்றுக்கொள்வது இன்னொன்று. முதலாவது இல்லாவிட்டால் இரண்டாவது நடக்காது. மூன்றரை வயதுப் பிள்ளை ஒன்றிலிருந்து இருபது வரை பாட்டாகச் சொல்லும். அதே பிள்ளையிடம் "சமையல்கட்டுல இருந்து நாலு ஸ்பூன் எடுத்துட்டு வா கண்ணு" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு வந்தால், எண்களின் வரிசை மனப்பாடமாகியிருக்கிறது, நாலு என்றால் எத்தனை என்பது இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். இதே முறையில்தான் ஆய்வாளர்களும் சோதிக்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்றரைக்கும் நாலேகாலுக்கும் நடுவில் இது பிடிபடுகிறது. சிலருக்கு இன்னும் தாமதமாகும், அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. நாலு ஸ்பூன் சரியாக வரும் நாள் வரை தாயக்கட்டைக்கோ லூடோவுக்கோ அவசரம் வேண்டாம். படிக்கட்டை எண்ணிக்கொண்டே ஏறுவதும், தட்டுக்கு ஒன்றாக இட்லி வைக்கச் சொல்வதும் போதும்.

நாலு ஸ்பூன் வந்துவிட்டதா? அப்படியானால் முதல் பலகையைக் கடையில் தேட வேண்டியதில்லை. ராபர்ட் சீக்ளர், கீதா ரமணி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஏழைக் குடும்பப் பிள்ளைகள் படிக்கும் பாலர் பள்ளிகளில் ஒரு விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். வரிசையாகப் பத்துக் கட்டங்கள், இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை எண்கள், ஆளுக்கு ஒரு காய், 1 அல்லது 2 மட்டுமே விழும் ஒரு சுழலி. அவ்வளவுதான். இரண்டு வாரங்களுக்குள் நாலு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் சொச்சம் ஆடினார்கள். இன்னொரு குழுவுக்கு அதே பலகை, எண்ணுக்குப் பதில் வெறும் வண்ணம். 2008-இல் முடிவுகள் வெளியாயின. எண் பலகையில் ஆடிய பிள்ளைகள் எந்த எண் பெரியது என்று சொல்வதிலும், ஒரு கோட்டின் மேல் எண் எங்கே வரும் என்று காட்டுவதிலும் நன்றாக முன்னேறியிருந்தார்கள். ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அது மறையவில்லை. வண்ணப் பலகைப் பிள்ளைகளிடம் அந்த மாற்றம் இல்லை.

காரணம் எளிது. 8-ஆம் கட்டத்துக்குப் போக, 4-ஆம் கட்டத்துக்குப் போவதைவிட இரண்டு மடங்கு தூரம் கை நகர வேண்டும், நேரம் அதிகமாகும், வாயால் சொல்லும் எண்களும் அதிகம். பெரிய எண் என்றால் நிஜமாகவே பெரியது என்பதைக் கண், கை, வாய், காது நான்கும் சேர்ந்து உணர்கின்றன. அடுத்த ஆண்டு அதே ஆய்வாளர்கள் கட்டங்களை வட்டமாக அமைத்துப் பார்த்தார்கள். நேர்க்கோட்டுப் பலகை தந்த பலன் அதில் கிடைக்கவில்லை. வளைந்து நெளிந்து அழகாக இருக்கும் விலையுயர்ந்த பலகையைவிட நேரான பத்துக் கட்டம் நாலு வயதுக்கு மேல்.

பழைய காலண்டர் அட்டையில் இரண்டு அங்குல அகலத்தில் பத்துக் கட்டம் போட்டுவிடலாம். பகடை வேண்டாம். உள்ளங்கை அகல அட்டை ஒன்றில் ஒரு பக்கம் 1, மறுபக்கம் 2 எழுதித் தூக்கிப் போட்டால் சரி. வீட்டில் கைக்குழந்தை இருந்தாலும் பயமில்லை. ஆறு புள்ளிப் பகடையை நாலு வயதுப் பிள்ளை ஒவ்வொரு புள்ளியாக எண்ணும். எண்ணி முடிப்பதற்குள் தன் காய் எங்கே இருந்தது என்பதே அதற்கு மறந்துவிடும்.

இதில் ஒரே ஒரு நுணுக்கம் உண்டு. அதைத் தவறவிட்டால் ஆட்டம் வெறும் பொழுதுபோக்குத்தான். எங்கள் தெருவில் ஒரு பாட்டி நாலு வயதுப் பேத்தியோடு இதை ஆடிக்கொண்டிருந்தார். பேத்தியின் காய் 3-இல். அட்டையில் விழுந்தது 2.

"ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிக்கொண்டே காயை நகர்த்தி 5-இல் வைத்தாள்.

"ரெண்டுன்னு சொன்னே, கட்டத்துல என்னடி எழுதியிருக்கு?"

"அஞ்சு."

"அப்போ காய் நடக்கும்போது கட்டத்தோட பேரைச் சொல்லணும். மூணுல இருந்து கிளம்புறே. நாலு, அஞ்சு. எங்கே, நீ சொல்லு."

"நாலு... அஞ்சு!"

பாட்டிக்கு ஆய்வு எதுவும் தெரியாது. ஆனால் அவர் பிடித்த இடம் சரியான இடம். சீக்ளரும் எலிடா லாஸ்கியும் நூறு கட்டப் பலகையை வைத்து இதையேதான் ஆராய்ந்து 2014-இல் எழுதினார்கள். நகரும்போது கட்டத்தில் உள்ள எண்ணைச் சொன்ன பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். ஒவ்வொரு முறையும் 'ஒன்று, இரண்டு' என்று முதலிலிருந்து எண்ணியவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை. ஒரே பலகை, ஒரே நேரம், சொல்வது மட்டும்தான் வேறு. லூடோவிலும் தாயத்திலும் கட்டங்களில் எண்ணே கிடையாது, எனவே இந்தக் கல்வியை அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது. அவை தருவது வேறு.

பத்துக் கட்டம் சலிப்பாகிவிட்டால் இருபது, அதன் பிறகு பரமபதம். நூறு கட்டப் பலகைக்கு ஐந்தரை, ஆறு வயது பொருத்தம். அதில் ஒரு வில்லங்கம்: கீழ் வரிசை இடமிருந்து வலம் போனால் அடுத்த வரிசை வலமிருந்து இடம் திரும்பும். 10-ஐ அடைந்த பிள்ளை 11 எங்கே என்று தெரியாமல் மறுகோடிக்குத் தாவும். ஆட்டத்துக்கு முன் வரிசைகளின் ஓரத்தில் பென்சிலால் அம்புக்குறி போட்டுக் கொடுங்கள். நாலைந்து ஆட்டத்துக்குப் பிறகும் அம்புக்குறியைத் தேடினால் பலகை இன்னும் பெரிது என்று பொருள். சில மாதம் தள்ளி வைக்கலாம். விளையாட்டு வயதுக்கு மீறியது என்று கண்டுபிடிக்க வேறு அடையாளங்களும் உண்டு. தன் முறை எப்போது என்று தெரியாமல் இருப்பது, ஆட்டத்தை விட்டுவிட்டுக் காய்களை மட்டும் அடுக்கி விளையாடுவது, பெரியவர் காயை நகர்த்திக் கொடுத்தால் சும்மா இருப்பது. இவை அடங்காத்தனம் இல்லை.

பரமபதத்தில் புத்திக்கு வேலையே இல்லை, வெறும் அதிர்ஷ்டம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். ஐந்து வயதுக்கு அதுதான் அதன் பெருமை. பகடைக்குத் தாத்தாவும் ஒன்று, பேரனும் ஒன்று. தாத்தா வேண்டுமென்றே தோற்க வேண்டியதில்லை, பிள்ளை நியாயமாகவே பாதி ஆட்டம் ஜெயிக்கும். பெரிய பாம்பு கடித்துக் கீழே இறங்கும்போது பலகையைத் தட்டிவிடும் பிள்ளைக்கு உபதேசம் செய்ய வேண்டாம். முதல் சில வாரங்கள் நீளமான பாம்பின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டி மறைத்துவிட்டு ஆடுங்கள், பிறகு எடுத்துவிடலாம்.

ஆறு, ஏழு வயதில் அதிர்ஷ்டம் மட்டும் போதாமல் போகும். "எந்தக் காயை நகர்த்தலாம்?" என்று பிள்ளை கேட்க ஆரம்பித்தால் முடிவெடுக்கும் ஆட்டங்களுக்கு நேரம் வந்துவிட்டது. தாயத்தில் இரண்டு கட்டைகளில் விழுந்ததைக் கூட்ட வேண்டும். எந்தக் காயை நகர்த்துவது, யாரை வெட்டுவது என்று யோசிக்க வேண்டும். முழுக் காய்களோடு தொடங்காமல் ஆளுக்கு இரண்டோடு தொடங்குங்கள். வாங்கிய விளையாட்டை நம் பிள்ளையின் அளவுக்கு வெட்டித் தைத்துக்கொள்ள எந்தத் தயாரிப்பாளரின் அனுமதியும் வேண்டாம்.

இந்த வயதுக்கு என்னைக் கேட்டால் பல்லாங்குழிதான் முதலிடம். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து என்றால் எழுபது காய். ஒரு குழியை அள்ளிக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவதில் ஒன்றுக்கு ஒன்று என்ற எண்ணுதலின் அடிப்படை இருக்கிறது, விரல்களுக்கும் வேலை இருக்கிறது. நாலு காய் சேர்ந்தால் பசு என்று எடுத்துக்கொள்ளும்போது, மூன்று காய் உள்ள குழியைப் பிள்ளையின் கண் தானாகத் தேட ஆரம்பிக்கும். முதலில் பசு இல்லாமல், போட்டுக்கொண்டே போய் வெறுங்குழி வந்தால் அதற்கு அடுத்த குழியில் இருப்பதை எடுப்பது என்ற ஒரே விதியோடு ஆடட்டும். சில நாளில், "இந்தக் குழியை எடுத்தா எங்கே போய் முடியும், சொல்லு பார்க்கலாம்" என்று அள்ளும் முன் கேளுங்கள். பிள்ளை காயைத் தொடாமல் கண்ணாலேயே குழிகளை எண்ணிக்கொண்டு போகும். அந்த வேலையைத்தான் பல நூறு ரூபாய் விளையாட்டுகள் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் வாக்குறுதியாகப் போட்டுக்கொள்கின்றன.

பாட்டி வீட்டுப் பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்குபவர்கள் காய்களை மட்டும் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். சோழியோ, புளியங்கொட்டையோ, முழுச் சிவப்பான மஞ்சாடியோ இருந்தால் பெரிய பிள்ளைகள் ஆடலாம். மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கைக்கு எட்டக் கூடாது. சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணி கலந்திருந்தால் ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்துவிடுங்கள். அதை மென்று தின்றால் கொடிய விஷம். எந்த வயதுப் பிள்ளைக்கும் அது விளையாட்டுக் காய் ஆகாது.